ஆலோசகர் அறிக்கையைச் சின்னப் பதிவாக எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் போய் ஆலோசனை சொல்பவர்களின் அறிக்கைகளை, பிரச்சினை, செய்தது, முடிவு என்று மூன்றே பகுதியில், ஒரு நிமிடத்தில் படிக்கும் பதிவாகச் சுருக்கி எழுதித் தருவது என் வேலை. பாளையங்கோட்டையில் இருந்தாலும் அறிக்கைகள் வருவது பெரும்பாலும் அம்பை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளும், அறிக்கை எழுதுகிற ஆலோசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பக்கம் முழுக்க ஒரே உதாரணம்தான்: தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஒரு புழுங்கல் அரிசி ஆலை, ஒரு நாளைக்கு 20 டன் நெல் அரைக்கிறது. இந்த ஆலையும் அதன் கணக்கு எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. நெல்லின் ஈரம், உலர்த்தல் பற்றிச் சொல்வதெல்லாம் தொழிலில் உள்ளபடி.

ரிப்போர்ட் முப்பது பக்கம் இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்க?

கடைசியில் இருந்து. முதல் பத்துப் பக்கம் ஆலையின் வரலாறு, இயந்திரப் பட்டியல், நோக்கம் என்று போகும். அதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்தால் உங்கள் பதிவும் அப்படியே தொடங்கிவிடும். நேராகக் கடைசி அட்டவணைக்குப் போங்கள். ஒரே பொருளை முன்னும் பின்னும் அளந்த இரண்டு எண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நம் ஆலையில் அது இப்படி இருக்கிறது: 100 கிலோ அரிசியில் உடைசல் முன்பு 14 கிலோ, பின்பு 8 கிலோ.

அந்த இரண்டு எண்ணும் கிடைத்தபின் பின்னோக்கி வாருங்கள். 14 எப்படி 8 ஆனது என்று பார்த்தால் ‘செய்தது’ கிடைக்கும். 14 ஆக இருந்தபோது யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்த்தால் ‘பிரச்சினை’ கிடைக்கும். இந்தச் சரட்டில் சேராத எதுவும், எவ்வளவு நல்ல தகவலானாலும், இந்தப் பதிவுக்கு உரியதில்லை. அப்படி இரண்டு எண் அறிக்கையில் இல்லவே இல்லை என்றால் கீழே அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

பிரச்சினைன்னு “உற்பத்தித் திறன் குறைவாக இருந்தது”ன்னு போட்டா போதாதா?

போதாது. அந்த வரி செங்கல் சூளைக்கும் பொருந்தும், தறிக்கும் பொருந்தும். ஆலைக்காரர் அதைத் தன் வாயால் எப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள். “நல்ல நெல்லுதான் வாங்குதோம், அரைச்சா குருணையா வருது” என்பார். அதுதான் பிரச்சினை வரி. கொஞ்சம் எழுத்து நடைக்கு மாற்றி, அதில் எண்ணைச் சேர்த்தால் முடிந்தது: ‘100 கிலோ அரிசியில் 14 கிலோ உடைந்து வந்தது, உடைசல் மூன்றில் இரண்டு பங்கு விலைக்குத்தான் போகும்.’

அறிக்கைகளில் பிரச்சினையையும் காரணத்தையும் ஒன்றாகக் குழைத்து எழுதியிருப்பார்கள். ‘முறையற்ற உலர்த்தல் மேலாண்மை’ என்பது பிரச்சினை இல்லை, ஆலோசகர் கண்டுபிடித்த காரணம். ஆலைக்காரருக்கு அது முன்பே தெரிந்திருந்தால் ஆலோசகரைக் கூப்பிட்டிருக்க மாட்டார். அவர் இயந்திரத்தின் மேல்தான் சந்தேகப்பட்டிருப்பார். ரப்பர் உருளையை மாற்றிப் பார்த்திருப்பார். அதையும் ஒரு சிறு வரியாகச் சேர்த்தால், படிக்கிற இன்னொரு ஆலைக்காரர் ‘நானும் அதைத்தானே செய்தேன்’ என்று நின்று படிப்பார்.

ரிப்போர்ட்ல பதினோரு பரிந்துரை இருக்கு. எல்லாத்தையும் போடணுமா?

முதலில் பரிந்துரைத்தது வேறு, செய்தது வேறு. பதினொன்றில் ஆலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது நான்காக இருக்கலாம். 14 கிலோ 8 ஆனதற்குக் காரணமானது அதில் ஒன்றோ இரண்டோதான். ஆலோசகரிடம் போன் போட்டு, “சார், இதில் எதை விட்டிருந்தால் எண் மாறியிருக்காது?” என்று கேளுங்கள். அவரே கழித்துக் கொடுத்துவிடுவார்.

நம் ஆலையில் மிஞ்சுவது உலர்த்தும் முறை. இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதினால் பதிவில் சத்து இருக்காது என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அவித்து இறக்கும் நெல்லில் ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதைக் களத்தில் பரப்பி, அரைக்கிற பக்குவமான 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 16 சதவீதம் வரைக்கும் வேகமாகக் காய்ந்தாலும் அரிசிக்குப் பெரிய சேதம் இல்லை. அதற்குக் கீழேதான் வில்லங்கம். மேற்புறம் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, அந்த இழுப்பில் அரிசியின் குறுக்கே மயிர்க்கோடு போலக் கீறல் விழுகிறது. இந்தக் கீறல் களத்திலேயே தெரியாது. வாரிக் குவித்துச் சில மணி நேரம் கழித்துத்தான் விழும். அதனால் களத்தில் இருப்பவர் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, பழி இயந்திரத்தின் மேல் போகிறது. உமி நீக்கிய அரிசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கீறல் கண்ணுக்கே தெரியும்.

ஆலை செய்தது இதுதான்: ஈரம் 16க்கு வந்ததும் உலர்த்தலை நிறுத்தி, அம்பாரமாகக் குவித்து மூடி, இரவு முழுக்க விட்டார்கள். உள்ஈரமும் வெளிஈரமும் சமமான பிறகு, மறுநாள் காலை வெயிலில் 14க்கு இறக்கி அரைத்தார்கள். முன்பெல்லாம் ஒரே மூச்சில் 12 வரை காயவிட்டு, பல்லில் கடித்துப் பதம் பார்த்து வந்தார்கள். இப்போது ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். ‘செய்தது’ பகுதிக்கு இவ்வளவு போதும். மீதிப் பரிந்துரைகளை விட்டுவிடுங்கள்.

முழுசா எழுதினா எப்படி இருக்கும்? ஒண்ணு காட்டுங்க.

அறிக்கையில் இருந்தது இப்படி:

> ‘ஆலையின் உலர்த்தல் செயல்முறைகளில் காணப்பட்ட இடைவெளிகள் விரிவாக ஆய்வு செய்யப்பட்டு, இரு கட்ட உலர்த்தல் நெறிமுறை அறிமுகப்படுத்தப்பட்டதன் வாயிலாக முழு அரிசி மீட்பில் குறிப்பிடத்தக்க மேம்பாடு எய்தப்பட்டது.’

முதல் வரைவு இப்படி:

> ‘தாமிரபரணிக் கரையில் ஒரு புழுங்கல் அரிசி ஆலை. 100 கிலோ அரிசியில் 14 கிலோ உடைந்து வந்தது. ரப்பர் உருளையை மாற்றியும் குறையவில்லை.
>
> கீறலுக்குக் காரணம் களத்தில் இருந்தது. அவித்த நெல்லை ஒரே மூச்சில் 12 சதவீத ஈரம் வரை காயவிட்டார்கள். அதை மாற்றி, 16 சதவீதத்தில் நிறுத்தி, குவித்து மூடி இரவு விட்டு, மறுநாள் 14க்கு இறக்கினார்கள். புதிதாக வாங்கியது ஒரு ஈரப்பத மீட்டர் மட்டும்.
>
> இப்போது 100 கிலோவில் உடைசல் 8 கிலோ.’

இதை முதல் வரைவு என்றுதான் சொல்கிறேன். கடைசி வரியில் ஒரு தப்பு ஒளிந்திருக்கிறது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்கள் பற்றிய கேள்விக்கு வரும்போது அதைத் திருத்துவோம். ‘குறிப்பிடத்தக்க மேம்பாடு’ இருந்த இடத்தில் இப்போது எண் இருப்பதால்தான் அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கவே முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

“உடைசல் 43% குறைந்தது”ன்னு போட்டா இன்னும் எடுப்பா இருக்குமே?

14ல் 6 குறைந்தால் 43 சதவீதம் என்பது கணக்குப்படி சரிதான். ஆனால் படிப்பவர் மனதில் நிற்பது வேறு. 100 மூட்டையில் 43 மூட்டை மிச்சம் என்று ஒருவர் நினைப்பார். இன்னொருவர் 43 சதவீதம் என்றதுமே இது விளம்பரம் என்று தள்ளிவிட்டுப் போவார். அரிசித் தொழிலில் இருப்பவர்கள் 100 கிலோவுக்கு எத்தனை கிலோ என்றுதான் பேசுகிறார்கள். அதே அளவில் ‘14 இருந்தது, 8 ஆனது’ என்று இரண்டு எண்ணையும் போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பம் இல்லை. சதவீதம் வேண்டுபவர் தானே போட்டுக்கொள்வார்.

கிலோ எல்லாம் யாருக்கு வேணும்? ரூபாயில சொன்னாத்தானே ஆளுக நிப்பாங்க?

சரி, ரூபாயிலும் சொல்லலாம். ஆனால் நான் பார்த்த அறிக்கைகளில் அதிகம் தப்பு நடப்பது இந்த இடத்தில்தான். நம் உதாரணத்தையே எடுங்கள். நாளைக்கு 20 டன் நெல். அரசு அரைவைக்குப் புழுங்கலில் 68 சதவீதம் அரிசி என்று கணக்கு. அதையே வைத்துக்கொண்டால் 13,600 கிலோ அரிசி. 100 கிலோவுக்கு 6 கிலோ உடைசல் குறைந்தால் நாளைக்கு 816 கிலோ. அரிசி கிலோ 45 ரூபாய் என்று வைத்து, ‘தினமும் 36,720 ரூபாய் லாபம்’ என்று அறிக்கை எழுதிவிடும்.

அந்த 816 கிலோ முன்பு காற்றில் போகவில்லையே. அது உடைசலாக விற்றுக்கொண்டுதான் இருந்தது. உடைசல் கிலோ 30 ரூபாய்க்குப் போனது என்றால், லாபம் என்பது இடையில் உள்ள 15 ரூபாய் மட்டும்: 12,240. அதிலிருந்து குவித்து மூடவும் மறுநாள் மறுபடி பரப்பவும் ஆகும் கூலியைக் கழிக்க வேண்டும். நெல் ஒரு இரவு கூடுதலாகக் களத்தில் கிடப்பதால் களத்தின் கொள்ளளவும் குறையும். இதையெல்லாம் கழித்த எண் கையில் இருந்தால் போடுங்கள். எந்த விலையில் கணக்கிட்டது என்றும் ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆலைக்காரருக்குத் தன் ஊர் விலை தெரியும், அவர் பெருக்கிக்கொள்வார்.

முன்னாடி அளந்தது கார் நெல்லுல, பின்னாடி அளந்தது பிசானத்துல. இது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிட முடியாது. நம் முதல் வரைவில் ஒளிந்திருந்த தப்பு இதுதான். ஆலோசகர் செப்டம்பரில் வந்து கார் அறுவடை நெல்லில் 14 என்று அளந்தார். யோசனை சொல்லி, களத்து ஆட்களைப் பழக்கி, மறுபடி வந்து அளந்தது மார்ச்சில், பிசான நெல்லில். நடுவில் மாறியது உலர்த்தும் முறை மட்டுமா? நெல்லே மாறிவிட்டது. ரகம் மாறியிருக்கும்: அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16 போன்ற குட்டைப் பருமன் அரிசி ஒரு மாதிரி உடையும், நீளச் சன்னரகம் வேறு மாதிரி உடையும். அறுவடையின்போது மழை பட்டதா, வயலிலேயே முற்றிக் காய்ந்து கிடந்ததா என்பதும் மாறியிருக்கும். வயலிலேயே காய்ந்து நனைந்து காய்ந்தால் அவிப்பதற்கு முன்பே கீறல் விழுந்துவிடும்.

எனவே 14க்கும் 8க்கும் இடையில் உள்ள 6 கிலோவில் எவ்வளவு முறைக்கு உரியது, எவ்வளவு பருவத்துக்கு உரியது என்று இந்த இரண்டு எண்ணை வைத்துச் சொல்ல வழியே இல்லை. ஆனால் இதை ஒரு நாளில் சரிபார்த்துவிடலாம். ஒரே லாரியில் வந்த பிசான நெல்லை ஒன்றாக ஊறவைத்து, ஒன்றாக அவித்து, களத்தில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைப் பழைய முறையில் காயவிடுங்கள், மறுபாதியைப் புதிய முறையில். இரண்டையும் ஒரே இயந்திரத்தில், திருகு எதையும் தொடாமல் அடுத்தடுத்து அரைத்து, உடைசலைப் பிரித்து நிறுத்துப் பாருங்கள்.

நம் ஆலையில் அப்படிச் செய்ததில் பழைய முறைக்கு 12, புதிய முறைக்கு 8 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 2 கிலோ பருவம் கொடுத்தது, 4 கிலோதான் முறை கொடுத்தது. ரூபாய்க் கணக்கும் 12,240ல் இருந்து 8,160க்கு இறங்கும். எண் சின்னதாகிவிட்டதே என்று ஆலோசகர்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த 4ஐ நம்பி அடுத்த ஆலைக்காரர் மூடுதுணி வாங்குவார், ஆள் போடுவார். அவருக்கு 6 என்று சொல்லி 4 கிடைத்தால் முறையையே கைவிட்டுவிடுவார், நல்ல முறை வீணாகப் போகும். கடைசி வரியை இப்படி மாற்றிவிடுவோம்:

> ‘ஒரே நெல்லை இரண்டாகப் பிரித்து அரைத்துப் பார்த்தோம். பழைய முறையில் 100 கிலோவுக்கு 12 கிலோ உடைசல், புதிய முறையில் 8 கிலோ.’

இதற்கேற்பப் பிரச்சினை வரியில் ‘கார் பருவத்தில் 14 கிலோ’ என்று பருவத்தைச் சேர்த்துவிட்டால் இரண்டு எண்ணும் முட்டிக்கொள்ளாது. ஒரு தடவை பிரித்துப் பார்த்ததோடு நிறுத்தாமல் நாலைந்து லாரிக்குச் செய்தால், ‘ஐந்து தடவை பார்த்ததில் உடைசல் குறைந்தபட்சம் 3 கிலோ, அதிகபட்சம் 5 கிலோ இறங்கியது’ என்று எழுதலாம். இதை நான் ரொம்பவே விரும்புகிறேன்.

உடைசல் எவ்வளவுன்னு அளந்ததையே நம்பலாமா? யாரோ ஒருத்தர் கைப்பிடி அள்ளிப் பார்த்ததுதானே?

நல்ல கேள்வி, இதை ஆலோசகரிடம் இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். முதலாவது, எதை உடைசல் என்று எண்ணினார்கள். நம் நாட்டுத் தர விதிப்படி முழு அரிசியில் முக்கால் பங்குக்குக் குறைந்த துண்டுதான் உடைசல். முன்பு முக்கால் என்றும், பின்பு அரை என்றும் பிரித்திருந்தால் எந்த மாற்றமும் செய்யாமலே உடைசல் குறைந்துவிடும். ஆள் மாறினாலும் இது நடக்கும். ஆகவே இரண்டு தடவையும் பிரித்தது ஒரே ஆளா என்று கேளுங்கள்.

இரண்டாவது, எங்கிருந்து எடுத்தார்கள். மூட்டையைக் குலுக்கித் தூக்கி வைக்கும்போது சிறு துண்டுகள் கீழே இறங்கிவிடும். வாயை அவிழ்த்து மேலாக ஒரு கை அள்ளினால் எல்லாம் முழு அரிசியாகத்தான் இருக்கும். இயந்திரம் ஓடும்போது அரிசி விழும் வாயிலேயே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிடித்து, எல்லாவற்றையும் கலந்து, அதில் இருந்து எடுத்திருந்தால் நம்பலாம். இந்த விவரத்தைப் பதிவில் எழுத வேண்டாம். யாராவது கேட்டால் சொல்ல உங்களிடம் இருக்க வேண்டும்.

முன்னாடி அளவே எடுக்கலையே. இப்ப நல்லாருக்குன்னு அண்ணாச்சியே சொல்லுதாக. அது போதாதா?

அண்ணாச்சி சொல்வது பொய்யில்லை, ஆனால் அது அளந்த முடிவும் இல்லை. முதலில் விற்பனைப் புத்தகத்தைக் கேளுங்கள். குருணை தனியாக விற்கிற ஆலையில், எந்த மாதம் எத்தனை மூட்டை குருணை, எத்தனை மூட்டை அரிசி போனது என்று எழுதியிருக்கும். அதில் இருந்து பழைய நிலையை ஓரளவு எடுக்கலாம். ஆனால் போன பிசானத்தை இந்தப் பிசானத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும், காரோடு வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்.

புத்தகமும் இல்லையென்றால், மேலே சொன்ன இரண்டாகப் பிரிக்கும் சோதனையை இப்போதுகூடச் செய்யலாம். பழைய முறை யாருக்கும் மறந்து போயிருக்காது. அதற்கும் ஆலை சம்மதிக்கவில்லை என்றால், அண்ணாச்சி சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதி, எண் எதுவும் போடாமல் விடுங்கள். நம் யூகத்தில் ஒரு எண்ணைப் போடவே கூடாது.

ஆலை பேரைப் போடக் கூடாதுன்னுட்டாங்க. பேர் இல்லாம எழுதினா யார் நம்புவா?

பெயரை விட, ‘என் ஆலை மாதிரியா இது?’ என்ற கேள்விக்குப் பதில்தான் படிப்பவருக்கு வேண்டும். புழுங்கலா பச்சையா, நாளைக்கு எத்தனை டன், வெயில் களமா இயந்திர உலர்த்தியா என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் அவருக்குப் பதில் கிடைத்துவிடும். நம் வரைவில் ‘நாளைக்கு 20 டன், வெயில் களம்’ என்பதைச் சேர்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் ஆலைகள் ஒன்றையொன்று நன்றாக அறிந்தவை. ‘கல்லிடைக்குறிச்சியில் போன வருஷம் புது பாய்லர் போட்ட ஆலை’ என்று எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். ஊரை விட்டுவிட்டு ஆற்றைச் சொன்னது அதனால்தான். எழுதியதை ஆலைக்காரருக்கு வாசித்துக் காட்டி, “இதைப் பார்த்தா உங்களைன்னு தெரியுமா அண்ணாச்சி?” என்று கேட்டுவிடுங்கள்.

எடை கூடினதும் ஒரு லாபம்தானே, அதையும் சேர்த்துப் போட்டா என்ன?

12 சதவீத ஈரத்தில் அரைத்த ஆலை 14ல் அரைத்தால் எடை கூடும் என்பது உண்மை. 14 சதவீத ஈரத்தில் 100 கிலோ உள்ள நெல் 12க்குக் காய்ந்தால் சுமார் 97.7 கிலோதான் நிற்கும். ஆனால் இது வேறு கதை, வேறு அளவு. உடைசலோடு இதைச் சேர்த்தால் படிப்பவர் இரண்டையும் கலந்து ஏதோ ஒரு எண்ணாக நினைவில் வைப்பார். இதைத் தனிப் பதிவாக எழுதுங்கள். அதற்கும் பிரச்சினை, செய்தது, முடிவு மூன்றும் தயாராகவே இருக்கிறது.

போட்டு ஆறு மாசம் ஆச்சு. இப்ப அந்த ஆலையில மறுபடி குருணை கூடிருச்சாம். பதிவை எடுத்துரவா?

எடுக்க வேண்டாம். முதலில் என்ன மாறியது என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் களம் ஈரமாகக் கிடக்கும். வெயில் அடிக்கிற ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் காயவைத்துவிட வேண்டும் என்று பரபரப்பாக இருக்கும்போது, 16ல் நிறுத்திக் குவிக்க மனசு வராது. அவர்கள் பழைய முறைக்குத் திரும்பியிருந்தால், முறை தோற்றது என்று சொல்ல முடியாது. வெயில் களத்தில் மழைக்காலத்துக்கு இது ஒத்துவரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மீட்டரின் பேட்டரி தீர்ந்து, மறுபடி பல்லில் கடித்துப் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். அதுவும் நடக்கும்.

தெரிந்ததைப் பதிவின் அடியிலேயே சேர்த்துவிடுங்கள்: ‘மார்ச்சில், பிசான நெல்லில் அளந்தது. வெயில் களத்தில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த முறையைத் தொடர முடியவில்லை.’ இயந்திர உலர்த்தி வைத்திருக்கும் ஆலைக்காரர் இந்த வரியைப் படித்தால், தனக்கு மழையிலும் இந்த முறை ஒத்துவரும் என்று புரிந்துகொள்வார்.